பழைய சான்றிதழும் வருமான வரி நோட்டீசும்

மாற்றுத்திறனாளிக் குழந்தையை வளர்க்கும் பெற்றோருக்கு வருமான வரித்துறையிலிருந்து ஒரு நோட்டீஸ் வருகிறது. நீங்கள் கொடுத்த மருத்துவச் சான்றிதழ் பல ஆண்டுகளுக்கு முந்தையது, இந்த ஆண்டுக்கு அது எப்படிப் பொருந்தும், ஏன் கழிவை மறுக்கக் கூடாது என்று அதில் கேட்டிருக்கிறார்கள். படித்தவுடன் பெற்றோருக்கு எழுவது பயத்தைவிடக் கோபம்தான். பிறவியிலேயே வந்த குறைபாடு ஆறு வருடத்தில் மறைந்துவிடுமா, பிள்ளையை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று பொங்குகிறார்கள். சிலர் அதே வேகத்தில் பதிலையும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலால் கழிவு கிடைப்பதில்லை. அதிகாரி கேட்டது காகிதத்தில் உள்ள தேதியைப் பற்றி. பதிலும் தேதியைப் பற்றியே இருக்க வேண்டும்.

கழிவு எது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு, மாற்றுத்திறனாளியான கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரில் தம்மைச் சார்ந்து வாழ்பவருக்காகச் செலவு செய்கிறவருக்கு ஒரு தொகையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. மருத்துவம், செவிலியர் பராமரிப்பு, பயிற்சி, மறுவாழ்வு ஆகியவற்றுக்கான செலவுகள் இதில் அடங்கும். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கழிவு 75,000 ரூபாய். 80 சதவீதத்தைத் தொட்டால் 1,25,000 ரூபாய். செலவு இதைவிடக் குறைவாக இருந்தாலும் கழிவு முழுத் தொகைதான். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே இது உண்டு. அந்த மாற்றுத்திறனாளியே தன் பெயரில் 80யு பிரிவின் கீழ் கழிவு கோரியிருந்தால் குடும்பத்தார் கோர முடியாது.

இதற்கெல்லாம் ஆதாரம் மருத்துவச் சான்றிதழ் ஒன்றுதான். அதனால்தான் அதன் தேதி இவ்வளவு பெரிய விஷயமாகிறது.

கடைசி வரியைப் படியுங்கள்

மாற்றுத்திறனாளிச் சான்றிதழைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் பெயர், புகைப்படம், சதவீதம் இந்த மூன்றையும்தான் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே இன்னொரு வாசகம் உண்டு. இந்த நிலை மேம்பட வாய்ப்பு உள்ளதா இல்லையா, மறுமதிப்பீடு தேவையா தேவையில்லையா, தேவை என்றால் எத்தனை ஆண்டு கழித்து, அதனால் இந்தச் சான்றிதழ் எந்தத் தேதிவரை செல்லும் என்பதை மருத்துவர் அங்கே குறித்திருப்பார். வரிச் சட்டம் பார்ப்பது அந்த வாசகத்தைத்தான்.

மறுமதிப்பீடு தேவையில்லை என்று இருந்தால் அந்தச் சான்றிதழ் 2005-இல் வாங்கியதாக இருந்தாலும் செல்லும். காகிதம் பழையது என்ற ஒரே காரணத்துக்காகக் கழிவை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. போலியோவால் கால் பாதிக்கப்பட்ட தம்பிக்காகவோ, முழுப் பார்வையும் இழந்த தாய்க்காகவோ கழிவு கோருபவர் பலரிடம் இருப்பது இப்படிப்பட்ட சான்றிதழ்தான். அவர்களுக்கு இந்த நோட்டீஸ் வந்தால் புதிய சான்றிதழுக்கு அலைய வேண்டியதில்லை. அந்த வாசகத்தைச் சுட்டிக்காட்டி, பிரிவின் 4-ஆம் உட்பிரிவு மறுமதிப்பீடு தேவைப்படும் சான்றிதழுக்கு மட்டுமே காலவரம்பு வைக்கிறது என்று எழுதினால் போதும்.

காலவரம்பு குறித்த சான்றிதழாக இருந்தால் கணக்கு வேறு. இங்கே சட்டம் பெற்றோருக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்கிறது. பலருக்கும் அது தெரிவதில்லை. சான்றிதழ் எந்தத் தேதியில் காலாவதியாகிறதோ, அந்தத் தேதி விழும் நிதியாண்டு முழுவதற்கும் அது செல்லும். ஏப்ரல் மாதமே காலாவதியானாலும் அடுத்த மார்ச் 31 வரைக்குமான கழிவு முழுமையாக உண்டு. அந்த நிதியாண்டு முடிந்த பிறகு தொடங்கும் ஆண்டுகளுக்குத்தான், புதிய சான்றிதழ் பெற்று வருமான வரிக் கணக்குடன் தராவிட்டால் கழிவு இல்லை என்கிறது சட்டம். வருமான வரி விதிகளில் 11ஏ விதியும் சான்றிதழின் ஆயுளை இதே முறையில்தான் கணக்கிடுகிறது.

ஆகவே நோட்டீஸ் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, எந்த நிதியாண்டைப் பற்றிக் கேட்கிறார்கள், சான்றிதழ் எந்த நிதியாண்டில் காலாவதியானது என்ற இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்வதுதான். இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. நோட்டீசில் அச்சாகியிருப்பது மதிப்பீட்டு ஆண்டு. அது நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு என்றால், சம்பாதித்ததும் செலவு செய்ததும் 2023-24 நிதியாண்டில். இந்த ஒரு வருட வித்தியாசத்தில் தடுமாறி, சரியான சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே தவறான பதில் எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அப்பா சேலத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். மகள் 2012 ஜூனில் பிறந்தவள். அறிவுசார் குறைபாடு 75 சதவீதம் என்று 2018 மார்ச்சில் மருத்துவக் குழு சான்றிதழ் கொடுத்தது. அதில் 2022 ஜூன்வரை செல்லும் என்று குறித்திருந்தார்கள்.

அந்தத் தேதி தற்செயலானது இல்லை. மாற்றுத்திறனாளிகளை மதிப்பிடுவதற்காக மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி அறிவுசார் குறைபாட்டுக்கான சான்றிதழை 5, 10, 18 ஆகிய வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18 வயதில் கொடுப்பது ஆயுள் முழுமைக்கும். வளரும் பிள்ளையின் திறன் மாறக்கூடும் என்பதே இதற்குக் காரணம். மருத்துவ நோக்கில் அது சரிதான். ஆனால் பத்து வயது என்பது, பெற்றோர் சிறப்புப் பள்ளி, பேச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை என்று ஓடிக்கொண்டிருக்கும் காலம். சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பிலேயே அந்த வயது கடந்துபோகிறது. நம் அப்பாவுக்கும் அதுதான் நடந்தது.

2022-23 நிதியாண்டுக்கு அவர் 75,000 ரூபாய் கழித்தார். சான்றிதழ் அந்த நிதியாண்டின் ஜூன் மாதத்தில் காலாவதியானதால் அது முழுக்கச் சரி. 2023-24 நிதியாண்டுக்கும் அப்படியே கழித்து, 2024 ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்தார். இந்தக் கழிவுக்கு எந்தச் சான்றிதழும் காக்கவில்லை என்பதை அவர் உணரவில்லை. கணக்குடன் எந்தக் காகிதத்தையும் இணைக்க வேண்டியதில்லை என்பதால் அப்போது யாரும் கேட்கவும் இல்லை.

2025 ஜூனில் 143(2) பிரிவின் கீழ் கணக்கு ஆய்வுக்கு எடுக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. அடுத்து 142(1) பிரிவின் கீழ் ஆதாரம் கேட்டார்கள். அவர் 2018 சான்றிதழை ஏற்றினார். செப்டம்பரில் இரண்டாவது நோட்டீஸ் வந்தது. சான்றிதழ் 2022 ஜூனோடு முடிந்துவிட்டது, எனவே கழிவை ஏன் மறுக்கக் கூடாது என்பது கேள்வி. அப்போதுதான் அவர் ஆடிட்டரிடம் போகிறார்.

“என் பொண்ணுக்குக் குறை இல்லைன்னு சொல்றாங்களா சார்?” என்று கேட்கிறார்.

“அப்படி யாரும் சொல்லலீங்க. 2023 ஏப்ரல்லேர்ந்து 2024 மார்ச் வரைக்கும் அந்தக் குறை அதே அளவு இருந்துச்சுன்னு சொல்ல ஒரு டாக்டர் காகிதம் கேக்குறாங்க. மொதல்ல புதுச் சான்றிதழுக்குப் போங்க. அதுவரைக்கும் நான் அவகாசம் கேட்டு வெக்கிறேன்” என்கிறார் ஆடிட்டர்.

பணயத்தில் இருக்கும் தொகையைச் சொல்லிவிடுகிறேன். அவர் 20 சதவீத வரி அடுக்கில் இருக்கிறார். 75,000 ரூபாய்க்கு வரி 15,000. அதன்மேல் 4 சதவீத செஸ் 600. ஆக 15,600 ரூபாய், அதற்கு மாதத்துக்கு ஒரு சதவீத வட்டி தனி. மாதாமாதம் பயிற்சிக் கட்டணம் கட்டும் வீட்டில் இது சிறிய பணம் இல்லை.

புதிய சான்றிதழ் வாங்கும்போது

அவகாசம் கேட்பது முதல் வேலை. வருமான வரி இணையதளத்தில் உள்ளே நுழைந்தால் Pending Actions என்பதன் கீழ் e-Proceedings என்று இருக்கும். நோட்டீசும் அங்கேதான், பதில் தருவதும் அங்கேதான். கெடு முடியும் முன்பே, மருத்துவக் குழுவிடம் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்று விண்ணப்ப நகலுடன் எழுதி அவகாசம் கேட்கலாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கான ஆய்வை அதிகாரி 2026 மார்ச் 31-க்குள் முடித்தாக வேண்டும் என்பதால் அவர் தரக்கூடிய அவகாசத்துக்கும் எல்லை உண்டு. பதிலே அனுப்பாமல் இருந்தால் கையில் உள்ளதை வைத்து உத்தரவு போட்டுவிடுவார்கள்.

சான்றிதழ் இப்போது யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டை முறையில்தான் வருகிறது. swavlambancard.gov.in தளத்தில் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் மருத்துவக் குழு எந்த நாளில் எங்கே அமர்கிறது என்று சொல்வார்கள். பிள்ளையை நேரில் அழைத்துப்போக வேண்டும். அறிவுசார் குறைபாட்டில் உளவியலாளர் செய்யும் சோதனைதான் சதவீதத்தைத் தீர்மானிக்கிறது. அன்றாட வாழ்வில் பிள்ளை எதைத் தானாகச் செய்கிறது என்பதை அளக்கும் வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலில் எடுக்கும் மதிப்பெண்ணைச் சதவீதமாக மாற்றுகிறார்கள். 2018 வழிகாட்டுதலில் 55 முதல் 69 வரை என்றால் 50 சதவீதம், 36 முதல் 54 வரை என்றால் 75, 21 முதல் 35 வரை என்றால் 90, அதற்கும் கீழே 100 என்று அது படிப்படியாக ஏறுகிறது. இடைப்பட்ட எண்கள் இல்லை. மதிப்பெண் இரண்டு மூன்று கூடக் குறைய இருந்தால்கூட 75 என்பது 90 ஆகலாம், 50 ஆகவும் ஆகலாம். எனவே பழைய சோதனை அறிக்கைகளையும் பள்ளியின் முன்னேற்ற அறிக்கைகளையும் கையோடு எடுத்துப்போவது நல்லது.

மருத்துவரிடம் தேதியை முன்னதாகப் போட்டுத் தரும்படி கேட்கவே கூடாது. கேட்டாலும் குழு தராது. இணையவழிச் சான்றிதழில் அது நடக்கவும் நடக்காது. கேட்க வேண்டியது வேறு. இந்தக் குறைபாடு எப்போதிலிருந்து இருக்கிறது, 2018-க்குப் பிறகு நிலை மேம்பட்டதா என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரோ குழு மருத்துவரோ தனிக் கடிதமாக எழுதித் தர முடியுமா என்று கேட்கலாம். பெரும்பாலான மருத்துவர்கள் தங்கள் பதிவேட்டில் உள்ளதை எழுதித் தர மறுப்பதில்லை.

நம் அப்பாவுக்கு 2025 அக்டோபரில் புதிய சான்றிதழ் கிடைத்தது. அதே 75 சதவீதம், மகளுக்கு 18 வயதாகும் 2030 ஜூன்வரை செல்லும்.

ஒருவேளை அது 90 சதவீதமாக வந்திருந்தால்? அதிகாரி கேட்கும் ஆண்டுக்கு 1,25,000 கோரலாமா என்ற ஆசை எழும். கூடாது. அந்த ஆண்டில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்படிக் கேட்பது, நிலை மாறிக்கொண்டே இருக்கிறது என்று நாமே ஒப்புக்கொண்டு, தொடர்ச்சியாக இருந்தது என்ற நம் வாதத்தை உடைத்துக்கொள்வதாகும். கூடுதல் தொகையைப் புதிய சான்றிதழ் பெற்ற ஆண்டிலிருந்துதான் கோர வேண்டும்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகிய மூன்றுக்கும் இன்னொரு படி உண்டு. அவற்றுக்கு 10-ஐஏ என்ற வருமான வரிப் படிவத்தில் சான்றிதழ் தேவை. நரம்பியல் முதுநிலைப் பட்டம் பெற்ற மருத்துவர், குழந்தையென்றால் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர், அல்லது அரசு மருத்துவமனையின் சிவில் சர்ஜன் அல்லது தலைமை மருத்துவ அதிகாரி அதைத் தரலாம். அதை இணையதளத்திலும் தாக்கல் செய்ய வேண்டும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து கணக்குப் படிவமே அதன் ஒப்புகை எண்ணையும், யுடிஐடி எண்ணையும், சார்ந்திருப்பவரின் ஆதார், பான் விவரத்தையும் கேட்கிறது. கேள்விகள் அதிகம் வருவதற்கு இந்தப் புதிய கட்டங்களும் ஒரு காரணம். நம் அப்பாவின் மகளுக்கு அறிவுசார் குறைபாடு மட்டும் என்பதால் 10-ஐஏ தேவைப்படவில்லை.

பதிலில் என்ன எழுதுவது

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறோம். புதிய சான்றிதழின் தேதி 2025 அக்டோபர். கேள்வி எழுந்துள்ள ஆண்டு 2023-24. தற்காலிகச் சான்றிதழ் அது வழங்கப்பட்ட நிதியாண்டிலிருந்துதான் செல்லத் தொடங்கும் என்பது 11ஏ விதியின் சொற்கள். அப்படியே படித்தால் நடுவில் விழுந்த ஆண்டுக்குப் புதிய சான்றிதழ் உதவாது. புதிதாக வாங்கி ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இந்த விதியைப் படிக்கவில்லை.

என்றாலும் வாதம் இருக்கிறது. சட்டம் மறுமதிப்பீடு கேட்பது, குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்குமோ என்ற ஐயத்தால்தான். 2018-இல் 75, 2025-இல் 75. இரண்டு முனையிலும் ஒரே அளவு. இடைப்பட்ட ஆண்டில் அது 40-க்குக் கீழே போய்த் திரும்பி வந்திருக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. குறைபாடு பிறவியிலிருந்தே உள்ளது என்று மருத்துவர் கடிதம் சொல்கிறது. சிறப்புப் பள்ளியின் 2023-24 வருகைச் சான்றும், அந்த ஆண்டின் பயிற்சிக் கட்டண ரசீதுகளும் இருக்கின்றன. கழிவுக்கான உரிமை குறைபாட்டால் வருவது, சான்றிதழ் அதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியைத் தாமதமாகக் கொடுத்தாலும் உத்தரவு போடும் முன்பே கொடுத்துவிட்டோம் என்பது வாதத்தின் சாரம்.

கழிவுக்குரிய படிவத்தைக் கணக்குடன் தராமல், மதிப்பீடு முடிவதற்குள் தந்தால் போதும் என்று ஜி.எம். நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்னது இங்கே துணைக்கு வரும். அது தணிக்கை அறிக்கை பற்றிய வழக்கு, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பற்றியது இல்லை. வரிவிலக்கு கோருகிறவர் நிபந்தனையைக் கண்டிப்பாக நிறைவேற்ற வேண்டும் என்று 2022-இல் விப்ரோ வழக்கில் அதே நீதிமன்றம் இறுக்கமாகவும் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே இந்த ஆண்டுக்கான வாதம் நியாயமானது, ஆனால் வெற்றி நிச்சயமில்லாதது. பெற்றோரிடம் இதை மறைக்காமல் சொல்லும் ஆடிட்டரே நல்ல ஆடிட்டர்.

பதிலை ஒரு பக்கத்துக்குள் அடக்குவது நல்லது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த வரிசை உதவும்: “2018 மார்ச் சான்றிதழ் 2022 ஜூனில் காலாவதியானதை ஒப்புக்கொள்கிறேன். குறித்த காலத்தில் புதுப்பிக்கத் தவறிவிட்டேன். 2025 அக்டோபரில் அரசு மருத்துவக் குழு மறுமதிப்பீடு செய்து அதே 75 சதவீதத்தை உறுதி செய்துள்ளது. நிலை பிறவியிலிருந்து தொடர்கிறது என்ற மருத்துவர் கடிதமும், 2023-24 நிதியாண்டின் பள்ளிச் சான்றும் கட்டண ரசீதுகளும் இணைக்கப்பட்டுள்ளன. மகள் என்னை மட்டுமே சார்ந்திருக்கிறாள். அவள் பெயரில் 80யு கழிவு கோரப்படவில்லை. எனவே 75,000 ரூபாய் கழிவை அனுமதிக்க வேண்டுகிறேன். ஏற்க இயலாது என்று கருதினால் உத்தரவுக்கு முன் காணொலி விசாரணைக்கு வாய்ப்புத் தர வேண்டுகிறேன்.” மேலே பான் எண், மதிப்பீட்டு ஆண்டு, நோட்டீசில் உள்ள ஆவண அடையாள எண். இணைப்பில் பழைய சான்றிதழ், புதிய சான்றிதழ் இரண்டும். பழையதை மறைத்துப் புதியதை மட்டும் ஏற்றினால் தொடர்ச்சி என்ற வாதத்துக்கே ஆதாரம் இல்லாமல் போகும்.

காலாவதியானதை முதல் வரியிலேயே ஒப்புக்கொள்வது ஏன் என்று அந்த அப்பா கேட்டால், அதற்கும் சட்டத்தில் காரணம் உண்டு. கழிவு மறுக்கப்பட்டால் குறைத்துக் காட்டிய வருமானம் என்று 270ஏ பிரிவின் கீழ் வரியில் பாதி, அதாவது 7,800 ரூபாய், அபராதம் வரலாம். வரியையும் வட்டியையும் கட்டி, மேல்முறையீடு செய்யாமல், உத்தரவு கிடைத்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் 68-ஆம் படிவத்தில் விண்ணப்பித்தால் அந்த அபராதத்திலிருந்து விலக்குப் பெறலாம். ஆனால் தேதியைத் திருத்தியது, பொய் ரசீது வைத்தது போன்ற எதையாவது கண்டுபிடித்தால் அது தவறான தகவல் தந்த குற்றமாகிவிடும். அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு, அதாவது 31,200 ரூபாய். விலக்கும் கிடையாது. உண்மையான குறைபாடு உள்ள ஒரு பிள்ளையின் பெயரில் அந்த அவமானம் வரவே கூடாது.

ஏற்கவில்லை என்றால் உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் 35-ஆம் படிவத்தில் மேல்முறையீடு செய்யலாம். மதிப்பிட்ட வருமானம் இரண்டு லட்சத்துக்கு மேல் என்றால் கட்டணம் 1,000 ரூபாய். மேல்முறையீடா, கட்டிவிட்டு அபராத விலக்கா என்பதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தொகையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 1,25,000 ரூபாய்க் கழிவு 30 சதவீத அடுக்கில் 39,000 ரூபாய் வரியாகும்போது வாதாடிப் பார்ப்பதில் பொருள் உண்டு. 15,600-க்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதா என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு.

இன்னொரு ஆண்டும் தொங்குவதை மறந்துவிடக் கூடாது. அதே அப்பா 2024-25 நிதியாண்டுக்கும் 2025 ஆகஸ்டில் கழிவு கோரியிருந்தார். அதைப் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லை. ஆனால் அங்கே அவர் கை ஓங்கியிருக்கிறது. அந்தக் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்ய 2025 டிசம்பர் 31 வரை நேரம் இருந்தது. அக்டோபரில் பெற்ற புதிய சான்றிதழின் விவரங்களோடு திருத்திய கணக்கைப் போட்டால், புதிய சான்றிதழ் பெற்றுக் கணக்குடன் தர வேண்டும் என்ற பிரிவின் சொற்களை நிறைவேற்றியதாக வாதிடலாம். நோட்டீஸ் வந்த ஆண்டிலேயே கண்ணை வைத்திருந்தால் இந்த வாய்ப்பு நழுவிவிடும். 2025-26 முதல் 2030-31 வரை புதிய சான்றிதழே காக்கும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் உள்ளதால் பிரிவு எண்கள் மாறும். முந்தைய ஆண்டுகளுக்கான நோட்டீஸ்கள் பழைய சட்டப்படியே நடக்கும்.

வரித்துறை சந்தேகப்படுவதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. பொய்க் கழிவுகளைக் கோரி ரீஃபண்டு வாங்கித் தரும் இடைத்தரகர்களைக் குறிவைத்து 2025 ஜூலையில் நாடு முழுவதும் சோதனை நடத்தியது. அந்தப் பொய்க்காரர்களால் உண்மையான பெற்றோரும் இப்போது கூடுதலாக ஒரு காகிதம் காட்ட வேண்டியிருக்கிறது. அதைக் காட்டலாம். ஆனால் பிறவிக் குறைபாடு என்று இரண்டு மருத்துவக் குழுக்கள் ஏழு ஆண்டு இடைவெளியில் ஒரே அளவைச் சொன்ன பிறகும், நடுவில் ஒரு வருடத்துக்குக் காகிதம் இல்லை என்று கழிவை மறுப்பது நியாயமில்லை. பின்னர் பெற்ற சான்றிதழ் குறைபாட்டின் தொடர்ச்சியை உறுதி செய்தால் இடைப்பட்ட ஆண்டுக்கும் அதை ஏற்கலாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட வேண்டும். அது வரும்வரை பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளைக்கு 10 வயதும் 18 வயதும் நெருங்கும்போது, மூன்று நான்கு மாதம் முன்பாகவே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.